இரண்டு வருடம் போட்டு நடந்த ட்ரெக்கிங் ஷூ: சோல், வாட்டர்ப்ரூஃப் லைனிங், பழக்கும் காலம்

முதல் மலை நடைக்காக வாங்கிய கணுக்கால் உயர ஷூவை இரண்டு வருடமாகப் போடுகிறேன். அன்று நான் சரியாகப் பார்த்தது சோலின் விறைப்பு. தவறாகக் கணித்தது வாட்டர்ப்ரூஃப் லைனிங்.

கடையில் ஷூவின் முன்பக்கத்தை ஒரு கையிலும் குதிகால் பக்கத்தை மறு கையிலும் பிடித்து, ஈரத் துணியைப் பிழிவதுபோல் முறுக்கிப் பார்த்தேன். ஓட்டத்துக்கான ஷூ சுலபமாகத் திருகிக்கொண்டது. இது கொஞ்சம்தான் திரும்பியது. பிறகு நுனியைத் தரையில் அழுத்தினேன். பாதத்தின் நடுவில் மடியாமல், விரல்கள் தொடங்கும் இடத்தில் மடிந்தது. எனக்கு வேண்டியதும் அதுதான். முதுகில் எட்டு கிலோ பையோடு கூரான கற்கள்மேல் நாள் முழுக்க நடக்கும்போது, மெல்லிய சோலில் ஒவ்வொரு கல்லும் உள்ளங்காலில் குத்தும். கொஞ்சமும் மடியாத சோல் பனிமலை ஏறுபவர்களுக்கானது. சாதாரணப் பாதையில் அதைப் போட்டு நடந்தால் ஒவ்வொரு அடியிலும் குதிகால் ஷூவுக்குள் மேலே எழும்பி உரசும்.

விறைப்பான சோல் என்பதால் பழக்காமல் மலைக்குப் போக முடியாது. முதல் வாரம் வீட்டுக்குள் மட்டும், மலையில் போடப்போகும் அதே தடித்த சாக்ஸோடு நடந்தேன். அழுக்காகாதவரை கடையில் மாற்றிக்கொள்ளலாம் என்பதும் ஒரு காரணம். அடுத்து மூன்று கிலோமீட்டர், பிறகு ஐந்து, கடைசியாகப் பையைச் சுமந்து படிக்கட்டில் ஏறி இறங்கினேன். அப்போது வலது குதிகாலில் ஓரிடம் சூடாக உணர்ந்தது. கொப்புளம் வருமுன் கிடைக்கும் எச்சரிக்கை அது. அங்கே டேப் ஒட்டி, கணுக்கால் மடியும் இடத்தில் லேஸை இரண்டு சுற்று சுற்றி இறுக்கியதும் குதிகால் அசையவில்லை. ஆனால் பழக்கினால் ஷூ இளகுமே தவிர நீளாது. இறக்கத்தில் விரல் நுனி முன்னால் இடித்தால் அளவே சிறியது. மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும்போது அளவு பார்த்து வாங்குங்கள்.

இனி லைனிங். ஈரப் புல்லிலும் தூறலிலும் கால் நனையவே இல்லை. ஆனால் அந்த முதல் நடையிலேயே ஓடை ஒன்றைக் கடக்கும்போது தண்ணீர் ஷூவின் வாய் வழியாக உள்ளே போய்விட்டது. வெளியிலிருந்து நீரை விடாத அதே படலம் உள்ளே போன நீரையும் வெளியே விடாது. மறுநாள் காலையிலும் ஈர ஷூவில்தான் கால் வைத்தேன். வெயில் காலத்தில் வியர்வையும் அப்படித்தான் தேங்குகிறது. இரண்டாம் வருடத்தில் விரல் மடியும் இடத்தில் கசிவு தொடங்கியது. உள்ளே காகிதம் திணித்து, அந்த மடிப்பு மூழ்கும் அளவு தண்ணீரில் பத்து நிமிடம் வைத்துப் பார்த்தேன். மடிப்புக்கு நேராக மட்டும் காகிதம் நனைந்திருந்தது. படலம் தேய்ந்தது அங்கேதான். சோல் இன்னும் உறுதியாக இருக்கிறது.

குளிரிலும் சேற்றிலும் நடப்பவர்களுக்கு இந்த லைனிங் தேவை. வெயிலில், ஓடைகளைக் கடந்து நடக்கிறவர் என்றால் லைனிங் இல்லாததை வாங்குங்கள். நனைந்தாலும் நடக்க நடக்கவே பெரும்பாலும் காய்ந்துவிடும். என் அடுத்த ஜோடி இதே விறைப்பில், லைனிங் இல்லாமல்தான்.