டியூட்டா, பிடிஎஃபா? ஓஎல் வரலாறு வாசிக்க எது நல்லது

வெள்ளவத்தையில் பத்தாம், பதினோராம் தரப் பிள்ளைகளுக்கு வரலாறு படிப்பிக்கிறேன். வகுப்புக்கு வருகிறவர்களுக்கு அச்சடித்த டியூட் கொடுப்பேன். வராதவர்களுக்கு அதையே பிடிஎஃபாக வட்ஸ்அப்பில் அனுப்புவேன். ஒரு சொல்கூட மாறாது. ஆனாலும் வாசித்துவிட்டு வருகிற பிள்ளையிடம் கேள்வி கேட்டால் விடைகள் ஒரே மாதிரி இருப்பதில்லை.

கோல்புறூக் சீர்திருத்தம் பற்றிய இரண்டு பக்கக் குறிப்பை ஒரு மாணவி போனில் வாசித்துவிட்டு வந்தாள். கேள்வித்தாளைக் கொடுக்குமுன், பத்துக்கு எத்தனை வரும் என்று கேட்டேன். "எட்டு வரும் மிஸ்" என்றாள். வந்தது ஐந்து. கட்டாய ஊழியமான இராஜகாரியம் ஒழிந்ததும், 1833இல் சட்டநிரூபண சபை அமைந்ததும் அவளுக்குத் தெரியும். பாடத்தின் சாரத்தில் பிழையில்லை. பிழை விட்டதெல்லாம் நுணுக்கங்களில். சபையின் 15 பேரில் 9 பேர் உத்தியோகத்தர், 6 பேர் உத்தியோகப்பற்றற்றவர் என்பதைத் தலைகீழாக எழுதியிருந்தாள். அந்த ஆறு பேரையும் மக்கள் தெரிவு செய்தார்கள் என்றும் எழுதியிருந்தாள். அவர்களை நியமித்தவர் ஆளுநர். இதைப் பிழையாக விளங்கிக்கொண்டால், 1910இன் மக்கலம் சீர்திருத்தத்தில் தெரிவு முறை வந்தது ஏன் பெரிய விஷயம் என்பதே புரியாது.

ஒரு பிள்ளையை வைத்து முடிவெடுக்க முடியாதுதான். ஆனால் ஆய்வுகளிலும் இதே வடிவம் தெரிகிறது. அமெரிக்காவில் சிங்கரும் அலெக்சாண்டரும் 90 பல்கலைக்கழக மாணவர்களைத் தாளிலும் திரையிலும் வாசிக்கவைத்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், மையக்கருத்தைச் சொல்வதில் இரண்டும் சமமாக இருந்தன. குறிப்பான விபரங்களைச் சொல்வதில் தாள் முந்தியது. அப்படியிருந்தும் திரையில்தான் நன்றாகச் செய்ததாகப் பலர் நினைத்தார்கள். எனக்குக் கவலை தருவது இந்த நினைப்புத்தான். தெரியாது என்று தெரிந்த பிள்ளை திரும்ப வாசிக்கும். தெரியும் என்று நம்புகிற பிள்ளை போனை மூடிவிடும்.

நம் பிள்ளைகளின் வயதில் நடந்த ஆய்வும் உண்டு. நோர்வேயில் மங்கனும் சக ஆய்வாளர்களும் பத்தாம் தர மாணவர் 72 பேருக்கு ஒரு கதையையும் ஒரு விளக்கக் கட்டுரையையும் கொடுத்தார்கள். பாதிப் பேர் அச்சில் வாசித்தார்கள், மற்றவர்கள் கணினியில் பிடிஎஃபாக. 2013இல் வந்த முடிவில் அச்சில் வாசித்தவர்களே கூடப் புள்ளி எடுத்திருந்தார்கள். அப்புறம் 2018இல், 54 ஆய்வுகளைத் திரட்டிய டெல்காடோ குழுவும் தாளுக்குச் சாதகமான முடிவுக்கே வந்தது. வித்தியாசம் சிறியதுதான், ஆனால் நேரக்கட்டுப்பாடு இருந்தால் அது கூடுகிறது. கதையை மட்டும் வாசிக்கும்போது தென்படுவதில்லை. அதனால் பிள்ளை போனில் நாவல் வாசித்தால் நான் தடுக்கமாட்டேன். வரலாறும் விஞ்ஞானமும் வேறு.

காரணம் கண் களைப்பு மட்டுமல்ல. ஏ4 பக்கத்தைப் போனில் வாசிக்க இரண்டு விரலால் பெருப்பித்து, இடமும் வலமும் தள்ளவேண்டும். "ஆறு பேர் விஷயம் இடப்பக்கத்தின் அடியில் இருந்தது" என்ற இட ஞாபகம் தாளில் தானாக வரும். உருண்டு ஓடும் திரையில் எந்த வரிக்கும் நிலையான இடமில்லை.

பிடிஎஃபின் பக்கமும் நியாயம் உண்டு. தொலையாது, போட்டோகொப்பிச் செலவில்லை, ஐந்து வருட வினாத்தாள் ஒரே போனில் அடங்கும். தேடல் வசதியை மட்டும் அதிகம் நம்பவேண்டாம். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய குறிப்புகளில் யுனிகோட்டில் "இராஜகாரியம்" என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. ஸ்கான் செய்த பக்கம் வெறும் படம்தான்.

என் தெரிவு இது: புதிய பாடத்தின் முதல் வாசிப்புத் தாளில், மீட்டலும் வினாத்தாளும் திரையில். அச்சுக்கு வழியில்லாத வீட்டுக்கு இன்னொரு முறை சொல்கிறேன். லவுட்டர்மனும் அக்கர்மனும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், வாசித்துச் சற்றுக் கழித்து முக்கிய சொற்களை எழுதவைத்தது திரையின் பின்னடைவைக் களைய உதவியது. நான் அதை இப்படிச் செய்கிறேன்: பிடிஎஃபை வாசி, போனைக் கவிழ்த்து வை, பத்து நிமிடம் கழித்துக் கொப்பியில் ஐந்து சொல் எழுது. பிறகு பத்துக்கு எத்தனை வரும் என்று நீயே எழுதிவிட்டுக் கேள்விகளைச் செய். எதிர்பார்த்ததற்கும் வந்ததற்கும் இடையே இரண்டு புள்ளிக்கு மேல் இடைவெளி இருந்தால், திரும்ப வாசி.

அந்த மாணவி அதே குறிப்பை மறுபடி போனில்தான் வாசித்தாள். அவள் எழுதிய ஐந்து சொல்லில் மூன்றாவது, "நியமனம்".