இரண்டு நிமிட அறிமுக வீடியோ: கட்டுரையைச் சுருக்குவதா, குறிப்பு வைத்துப் பேசுவதா, புதிதாக எழுதுவதா?

போன வருடம் நீர்ப் பொறியியல் முதுகலைப் படிப்புக்கு இரண்டு இடங்களில் விண்ணப்பித்தேன். இரண்டிலும் 500 சொல்லில் ஒரு கட்டுரை கேட்டார்கள், அதோடு 2 நிமிட அறிமுக வீடியோ ஒன்றைப் பதிவுசெய்து ஏற்றச் சொன்னார்கள். டர்பனுக்கு வடக்கே டோங்காட்டில் எங்கள் வீட்டுக் கூடத்தில், புத்தக அடுக்கின்மேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு மூன்று வழியையும் முயன்று பார்த்தேன். மூன்றாவதுதான் சரிப்பட்டது, அதனால் அதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

முதல் வழி எல்லோருக்கும் தோன்றுவது. கையில் இருக்கும் கட்டுரையைப் பாதியாகக் குறைத்து அப்படியே படித்துவிடுவது. ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. அம்மாவைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். "இதைத்தானே எழுதியும் கொடுத்திருக்கிறாய், மறுபடி எதற்கு?" என்றார். கட்டுரையைச் சுருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது விவரங்கள்தான். "ஆர்வம் பிறந்தது", "பொறுப்பை உணர்ந்தேன்" போன்ற பொதுவான முடிவுகள் மட்டும் மிஞ்சும். அதாவது கட்டுரையின் பலவீனமான பாதிதான் வீடியோவாகிறது. எழுத்து நடையில் இருக்கும் நீளமான வாக்கியங்கள் ஒரே மூச்சில் வாயில் வருவதும் இல்லை.

இரண்டாவது, நான்கு குறிப்பை அட்டையில் எழுதிப் போனுக்குப் பின்னால் ஒட்டிவிட்டு மனதில் வருவதைப் பேசுவது. முகம் நன்றாகவே இருந்தது, குரலும் இயல்பாக இருந்தது. ஆனால் முதல் தடவை 2 நிமிடம் 50 நொடி ஓடியது, அடுத்தது 2 நிமிடம் 20 நொடி, அதற்கடுத்ததில் முக்கியமான ஒன்றையே விட்டுவிட்டேன். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. வாய் தடுமாறும்போதெல்லாம் ஏற்கனவே மனப்பாடமாகியிருந்த கட்டுரை வரிகளே உதவிக்கு வந்தன, அதனால் சுற்றி வளைத்து அதே பேச்சுதான். என் தம்பி கோயில் நிகழ்ச்சிகளைத் தொகுத்து வழங்குகிறவன், அவனுக்கு இந்த வழி அழகாகக் கைவரக்கூடும். அந்தப் பழக்கம் எனக்கில்லை, அதனால் இதை மோசமான வழி என்று சொல்ல மாட்டேன்.

மூன்றாவது வழி, கட்டுரையில் ஒரே வரியாகக் கிடக்கும் ஒன்றை எடுத்து, அதை மட்டும் விரித்து, வீடியோவுக்கென்றே புதிதாக எழுதுவது.

எனக்கு இதில் முடிவைத் தீர்மானித்தது ஒன்றே ஒன்றுதான்: வீடியோவும் கட்டுரையும் எவ்வளவு தூரம் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன என்பது. இரண்டையும் பார்க்கப்போகிறவர் ஒரே ஆள். இதைக் கண்ணால் அளந்து பார்க்கலாம். கட்டுரையை அச்செடுத்து, அதில் உள்ள ஒவ்வொரு தகவலுக்கும் அடிக்கோடு போட்டேன்: படித்த பட்டம், மதிப்பெண், வேலை பார்த்த இடம், வெள்ளம், இந்தப் படிப்பு ஏன். பிறகு வீடியோவுக்கு எழுதியதைப் பக்கத்தில் வைத்து, அடிக்கோடிட்ட தகவல் எங்கெல்லாம் திரும்ப வருகிறதோ அங்கெல்லாம் அடித்தேன். முதல் வழியில் எழுதியதில் ஒரு வரிகூட மிஞ்சவில்லை. மூன்றாவதில் அடிபட்டது ஒரே வரி, 2022 ஏப்ரல் வெள்ளத்தைச் சொல்லும் வரி. அதை வேண்டுமென்றே விட்டுவைத்தேன், ஏனென்றால் கேட்பவர் இது கட்டுரையில் எந்த இடத்தின் தொடர்ச்சி என்று பிடித்துக்கொள்ள ஒரு கொக்கி வேண்டும்.

கட்டுரையில் இருந்த வாக்கியம் ஏறக்குறைய இப்படி: "2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் ஊரின் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமடைந்ததால் மாதக்கணக்கில் குழாய் நீரின்றித் தவித்தோம், அந்த அனுபவமே என்னை இத்துறைக்கு இட்டுவந்தது." வீடியோ ஆங்கிலத்தில்தான், தமிழில் சொன்னால் இப்படித் தொடங்கும்: "இது 25 லிட்டர் கேன். டேங்கர் வரும் நாளில் எங்களுக்கு இதுபோல நாலு கிடைக்கும். வீட்டில் அஞ்சு பேர். ஆளுக்கு 20 லிட்டர். கழிப்பறைத் தொட்டியை ஒருதடவை திறந்துவிட்டால் 9 லிட்டர் போய்விடும்." இதைச் சொல்லும்போது கேனைக் கையில் தூக்கிக் காட்டினேன். குளித்த தண்ணீரை வாளியில் பிடித்துத் துணி அலசி, அதையே கழிப்பறைக்கு ஊற்றியது, அதை ஒரு நோட்டில் நாள்வாரியாகக் குறித்து வைத்தது, அந்த நோட்டைப் பார்க்கப் பார்க்க எழுந்த கேள்வி (ஒரே நிலையத்தை நம்பியிருக்கும் ஊருக்கு மாற்றுவழியை எப்படி வடிவமைப்பது) என்று பேச்சு அங்கிருந்து போனது. இதில் எதுவும் கட்டுரையில் இல்லை.

எழுதிய முறையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் தடவை நேராகத் தாளில் எழுதி அதுவும் கட்டுரை மாதிரியே போய்விட்டது. அப்புறம் அக்காவிடம் போனில் அந்தக் கேன் கதையைச் சொன்னேன், நான் பேசியதை மட்டும் பதிவுசெய்து, கேட்டுக் கேட்டு எழுதினேன், அதைத்தான் வெட்டிச் செதுக்கினேன். வாயிலிருந்து வந்த வாக்கியம் சின்னதாக இருக்கும், திரும்பச் சொல்லும்போதும் நாக்கு தடுக்காது. எத்தனை சொல் என்பதை ஊகிக்கக் கூடாது. ஒரு நிமிடம் சத்தமாகப் படித்து எண்ணினேன், எனக்கு ஆங்கிலத்தில் சுமார் 135 வந்தது. சில தளங்களில் 2 நிமிடம் ஆனதும் பதிவு தானாகவே நின்றுவிடும் என்பதால் 1 நிமிடம் 50 நொடிக்குக் கணக்குப் போட்டு 250 சொல்லோடு நிறுத்திக்கொண்டேன். பெயரும் ஊரும் 10 நொடி, கேன் 50 நொடி, அதிலிருந்து எழுந்த கேள்வி 30 நொடி, அந்தக் கேள்விக்கும் இந்தப் படிப்புக்கும் உள்ள தொடர்பு 20 நொடி. இரண்டாவது இடத்துக்கு விண்ணப்பித்தபோது அந்தக் கடைசி 20 நொடியை மட்டும் மாற்றி எழுதினால் போதுமாக இருந்தது.

இந்த வழியில் இரண்டு ஆபத்து உண்டு. ஒன்று, எண்கள் முரண்படுவது. கட்டுரையின் பழைய வரைவு ஒன்றில் குடும்பத்தில் ஆறு பேர் என்று பாட்டியையும் சேர்த்து எழுதியிருந்தேன், வெள்ளத்தின்போது அவர் சித்தப்பா வீட்டில் இருந்தார். ஏற்றும் முன் இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்ததால் தப்பித்தேன். இன்னொன்று கண். எழுதியதைப் படித்தால் கண்மணி இடம் வலமாக ஓடுவது பதிவில் அப்பட்டமாகத் தெரியும். அதனால் முதல் இரண்டு வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மனப்பாடம் செய்தேன், நடுவில் உள்ளதை வரிக்கு நாலைந்து சொல்லாக ஒடுக்கமான பத்தியாக அச்செடுத்து, கேமரா துளைக்கு ஒட்டினாற்போல் மேலே ஒட்டினேன். ஏழாவது தடவை சரியாக வந்தது. கேமரா உயரம், சன்னலைப் பார்த்து உட்காருவது எல்லாம் எங்கும் கிடைக்கும் தகவல், விட்டுவிடுகிறேன்.

ஒரு இடத்தில் நேர்காணலுக்கு அழைத்தார்கள், முதல் கேள்வியே அந்த நோட்டைப் பற்றித்தான். இன்னொரு இடத்தில் அழைக்கவில்லை. வீடியோவுக்கு மதிப்பெண் எவ்வளவு என்று இரண்டு இடத்திலும் சொல்லவில்லை, அதனால் இதனால்தான் கிடைத்தது என்று நான் சொல்ல முடியாது.

இதெல்லாம் முன்கூட்டியே பதிவுசெய்து ஏற்றும் வகைக்குத்தான் பொருந்தும். திரையில் கேள்வியைக் காட்டி, யோசிக்க அரை நிமிடம் கொடுத்து, ஒரே தடவையில் பேசச் சொல்லும் வகையும் இருக்கிறது. அங்கே எழுதி வைத்தது உதவாது, நான்கு குறிப்போடு பேசிப் பழகியவர்தான் சமாளிப்பார். அதற்கு உட்கார வேண்டி வந்தால் நான் தம்பியிடம்தான் பயிற்சி எடுப்பேன்.