x முதல் எண்ணா, நடு எண்ணா?

"அடுத்தடுத்த மூன்று ஒற்றை எண்களின் கூடுதல் 81" என்ற கணக்கில் x-ஐ எங்கே வைப்பது?

முதல் எண் x என்றால்: x + (x + 2) + (x + 4) = 81; 3x + 6 = 81; x = 25.
நடு எண் x என்றால்: (x − 2) + x + (x + 2) = 81; 3x = 81; x = 27.

இரண்டிலும் விடை 25, 27, 29தான். நடு எண் வழியில் −2, +2 அடிபட்டுப் போவதால் வேலை குறைவு. ஆனால் 27 என்று எழுதி அதையே "சிறிய எண்" என்று விடை தருபவர்கள் ஏராளம்.

ஒற்றை எண் என்றதும் x + 1, x + 3 என்று எழுதுவது பழைய தவறு. அடுத்தடுத்த ஒற்றை எண்களானாலும் இரட்டை எண்களானாலும் இடைவெளி 2தான்; சமன்பாடும் ஒன்றேதான். அதனால் கூடுதல் 78 என்று கொடுத்தால் 24, 26, 28 வரும். சமன்பாடு எதிர்ப்புக் காட்டாது. ஒற்றை எண்களாக விடையே இல்லை என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

நான்கு எண்கள் வந்தால் நடு எண் கிடையாது. அங்கே முதல் எண் வழியே நல்லது: அடுத்தடுத்த நான்கு இரட்டை எண்களின் கூடுதல் 100 என்றால் 4x + 12 = 100, x = 22.

இரண்டு எண்களின் பெருக்கற்பலன் என்றால், நடு எண் அவற்றில் ஒன்றாக இல்லாவிட்டாலும், இரண்டுக்கும் நடுவில் உள்ள எண்ணைத்தான் நான் x என்று எடுப்பேன். அடுத்தடுத்த ஒற்றை எண்களின் பெருக்கற்பலன் 143:

முதல்: x² + 2x − 143 = 0. காரணிப்படுத்த வேண்டும்.
நடு: (x − 1)(x + 1) = 143; x² = 144; x = 12 அல்லது −12.

12 விடையல்ல, இடையில் நிற்கும் எண். விடை 11, 13. முழுக்கள் என்று கேட்டிருந்தால் −13, −11 என்பதும் சேரும்.