சுடுதண்ணி இல்லை என்றவர் எந்த மாதம் வந்தார்? ஹப்புத்தளை விடுதிக்கு மூன்று வழிகள்

இலங்கை மலையகத்து ஊரான ஹப்புத்தளையில் ஆறு அறைகளோடு விடுதி நடத்துகிறவர், வந்துபோனவர்களின் மனக்குறையையும் பக்கத்து விடுதிகள் சறுக்கும் இடத்தையும் இணையத்தில் அறிந்துகொள்ள மூன்று வழிகள் உண்டு. கூகுள் அலர்ட்ஸ் வைக்கலாம், கட்டணம் கட்டிக் கண்காணிப்பு மென்பொருள் எடுக்கலாம், அல்லது விமர்சனங்களைத் தானே வாசித்து அட்டவணையில் எழுதலாம். இந்த அளவு விடுதிக்கு மூன்றாவதே சரி என்பது எங்கள் முடிவு.

கூகுள் அலர்ட்ஸ் இலவசம். நாம் கொடுத்த சொல் புதிதாக எந்த இணையப் பக்கத்திலாவது வந்தால் மின்னஞ்சல் வரும். ஆனால் அது செய்திகளையும் வலைப்பதிவுகளையும்தான் நம்பலாம்படி பிடிக்கும். கூகுள் மேப்ஸ் விமர்சனமோ முகநூல் பதிவோ பெரும்பாலும் அதன் வலையில் விழாது. ஊர்ப் பெயரும் தொல்லை தரும். எல்ல என்ற ஊரை ஆங்கில எழுத்தில் கொடுத்தால், ஸ்பானிய மொழியில் ‘அவள்’ என்ற சொல்லும் அதுவே, பெண்பிள்ளைப் பெயரும் அதுவே. ஹப்புத்தளைக்கு அந்தக் குழப்பம் இல்லை. கீழே உள்ளதைப் போட்டு, வாரம் ஒரு தடவை என்று வைத்தால் போதும்:

```
"Haputale" (homestay OR guesthouse OR "guest house")
```

கட்டண மென்பொருள் பல தளங்களின் பொதுப் பதிவுகளைத் திரட்டி, நல்லது கெட்டது என்று பிரித்தும் தரும். மூடிய முகநூல் குழுக்களும் வாட்ஸ்அப்பும் அதற்குத் தெரியாது. அதைவிடப் பெரிய ஓட்டை மொழி. கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வருகிறவர்கள் பலர் தமிழை ஆங்கில எழுத்தில், ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள்:

```
sudu thanni illa
suduthanni varala
hot water ille
```

‘செம குளிர்’ என்பது விறாந்தையில் நின்று எழுதினால் பாராட்டு, குளியலறையைப் பற்றி எழுதினால் முறைப்பாடு. எந்திரம் இரண்டையும் ஒரே கூடையில் போட்டுவிடக்கூடும். பல நாடுகளுக்குத் தேயிலை ஏற்றுமதி செய்யும் நிறுவனத்துக்கு, கையால் வாசிக்க முடியாத அளவு பதிவுகள் குவிவதால், இந்த மென்பொருள் பொருந்தும். ஆறு அறைக்கு வீண்செலவு.

கையால் வாசிப்பதற்கு, உங்கள் விலையிலேயே அறை கொடுக்கும் மூன்று விடுதிகளை எடுங்கள். ஒவ்வொன்றிலும் கடந்த 12 மாதத்து விமர்சனங்களில் 40 போதும். கூகுள் மேப்ஸில் ‘புதியவை’ என்று வரிசைப்படுத்துங்கள். இல்லாவிட்டால் அதுவே தெரிவுசெய்தவை முன்னால் நிற்கும். புக்கிங்.கொம் தளத்தில் பிடித்ததும் பிடிக்காததும் தனித்தனியே வருவதால், 9 புள்ளி கொடுத்தவரும் ஒரு குறையைச் சொல்லியிருப்பார். மனம் நிறைந்து போனவர் சொல்லும் குறைக்குத்தான் எடை அதிகம். 1 புள்ளி விமர்சனம் பலவேளை பணத் தகராறாக இருக்கும். அட்டவணையில் ஐந்து பத்திகள்: தங்கிய மாதம், யாரோடு வந்தார், புள்ளி, அவர் எழுதிய சொற்கள் அப்படியே, உரிமையாளரின் பதில்.

மாதத்தை எழுதாமல் விடுவதுதான் பெரும்பாலானோர் செய்யும் பிழை. ஓர் உதாரணம் வைத்துப் பார்ப்போம். ஒரு விடுதியின் 40 வரிகளில் 7 பேர் சுடுதண்ணியைக் குறை சொல்கிறார்கள். ‘வெதுவெதுப்பு’, ‘பச்சைத்தண்ணிக் குளியல்’ என்று எழுதியவர்களையும் சேர்த்துத்தான் 7. அதில் 6 பேர் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை தங்கியவர்கள். அப்படியானால் கூரையில் சூரிய வெப்பத் தாங்கி இருக்கிறதா என்று பாருங்கள், விடுதிப் படங்களிலேயே தெரியும். இரண்டு மூன்று நாள் மழையும் மிஸ்டும் மூடினால், மின்சார கொயில் இல்லாத தாங்கி சூடேறாது. மாறாக, முறைப்பாடு ஆண்டு முழுவதும் பரவி, காலை ஏழு எட்டு மணியைச் சுட்டினால் தாங்கி சிறியது என்று ஊகிக்கலாம். இரண்டுக்கும் மருந்து வேறு.

பிறகு உரிமையாளரின் பதிலைப் பாருங்கள். ‘காலநிலைதான் காரணம், மன்னியுங்கள்’ என்று ஒவ்வொரு முறையும் எழுதினால் பலவீனம் அப்படியே இருக்கிறது. ‘புது கீசர் பொருத்திவிட்டோம்’ என்று எழுதி, அதற்குப் பின் முறைப்பாடு நின்றிருந்தால் பழைய வரிகளை வெட்டிவிடுங்கள். ஆறிய புண்ணை நம்பி விளம்பரம் செய்யக்கூடாது.

எல்லாக் குறையும் விடுதியின் குறை அல்ல. மலைக்காட்சி பார்க்கப் போகும் லிப்டன் சீட்டைப் பற்றி ‘மிஸ்ட், ஒன்றும் தெரியவில்லை’ என்பது மூன்று விடுதியிலும் வரும், உங்களுக்கும் வரும். ஆனால் ‘விடியற்காலையே போகச் சொல்லியிருக்கலாம்’ என்று ஒருவர் சேர்த்து எழுதியிருந்தால் அது கேட்கவேண்டிய வார்த்தை. மேகம் ஏறுமுன் கிளம்ப ஓட்டோவும் பார்சல் காலைச் சாப்பாடும் ஏற்பாடு செய்வது உங்கள் கையில் இருக்கிறது.

‘எந்நேரமும் சுடுதண்ணி’ என்று உங்கள் பக்கத்தில் எழுதுமுன், நவம்பரில் மூன்றாம் நாள் மிஸ்ட் மூடிய காலையில், தாங்கிக்கு மிகத் தூரமான அறையின் குழாயைத் திறந்து வெப்பமானி பிடியுங்கள். மற்ற அறைகளிலும் ஆட்கள் குளித்துக்கொண்டிருக்கும்போது 40 பாகைக்குக் குறைந்தால், அந்த வரியை எழுதாதீர்கள்.