போன் சரியாச்சு, 900 ரூபாயும் போச்சு, வைஃபை லிஸ்ட்டும் போச்சு

கோத்தகிரிக்குக் கீழே, தேயிலைத் தோட்டத்துச் சரிவில் எங்கள் வீடு. வீட்டுக்குள் எந்த சிம்முக்கும் டவர் கிடையாது. வைஃபை காலிங்தான் ஒரே வழி. வைஃபை போனால் போனும் செத்தது மாதிரி.

போன ஐப்பசி இடியில் ரவுட்டர் கருகிப் போனது. கனெக்‌ஷன்காரர் புதுசு வைத்து, பழைய பெயர், பழைய பாஸ்வேர்டையே போட்டுக் கொடுத்தார். மேல் அறை டிவி ஓடியது, மாமனார் போன் ஓடியது. என் போன் மட்டும் வைஃபையில் சேர்ந்துவிட்டு, இன்டர்நெட் இல்லை என்றது. அணைத்துப் போட்டேன், ஏரோப்ளேன் மோடும் போட்டு எடுத்தேன். அசையவில்லை.

குன்னூரில் ஒரு மொபைல் கடைக்குப் போனேன். பஸ் ஊருக்குள் நுழைந்ததுமே மொபைல் டேட்டாவில் வாட்ஸ்அப் கொட்டத் தொடங்கியது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்து, "வைஃபை ஐசி வீக் சார். சாஃப்ட்வேர் ஃப்ளாஷ் பண்ணிப் பார்ப்போம், 900 ஆகும்" என்றார். போன் லாக்கைத் திறக்கும் பின் நம்பரைக் கேட்டார், சொன்னேன். ஒரு டீ குடித்து வருவதற்குள் முடிந்துவிட்டது. பில் கேட்டால், சர்வீஸுக்கு பில் கிடையாதாம்.

வீட்டில் பாஸ்வேர்டைப் புதிதாக அடித்ததும் நெட் வந்தது. ஆனால் போன் அடிக்கவில்லை. வைஃபை காலிங் அணைந்து கிடந்தது, அதைக் கண்டுபிடிக்கவே மறுநாள் ஆனது. மாமனாரின் காது மிஷினை என் போன் ஆப்பில்தான் கூட்டிக் குறைப்போம். அந்த ப்ளூடூத் ஜோடியும் காணோம். மிஷினின் பேட்டரிக் கதவைத் திறந்து மூடி, முதலிலிருந்து சேர்த்தோம். மனுஷர் அரை நாள் எங்களைத் திட்டினார். கீழ்க் காட்டேஜில் வைஃபையை நீட்டிக் கொடுக்கும் எக்ஸ்டெண்டரின் பாஸ்வேர்டும் போய்விட்டது. அதை மாட்டிய பையன் இப்போது ஊரில் இல்லை, எழுதியும் வைக்கவில்லை. வார இறுதிக்கு விருந்தாளிகள் வேறு வருகிறார்கள்.

போட்டோ, காண்டாக்ட், வாட்ஸ்அப் எதுவும் கலையவில்லை. ஃப்ளாஷ் பண்ணினால் பெரும்பாலும் போனே துடைத்த மாதிரி வரும். இங்கே வைஃபை லிஸ்ட்டும் ப்ளூடூத் லிஸ்ட்டும் மட்டும் காலி. அப்படி இருந்தால் அவர் செய்தது நெட்வொர்க் ரீசெட், அவ்வளவுதான். என் போனில் Settings, System, Reset options என்று போனால் Reset Bluetooth & Wi-Fi, Reset mobile network settings என்று இரண்டும் இருக்கின்றன. மற்ற கம்பெனி போன்களில் பெயரும் இடமும் கொஞ்சம் மாறும். பின் நம்பர் கேட்டதும் இதற்குத்தான். ஐபோனில் இதையே செய்தால், கையால் போட்ட விபிஎன் செட்டிங்கும் சேர்ந்து போகும்.

ஆனால் எனக்கு அந்த ரீசெட்டே தேவைப்படவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

திருப்பூரில் மகள் வீட்டில் இருந்த என் மனைவி அடுத்த வாரம் திரும்பினாள். அவள் போனிலும் அதே கோளாறு! இரண்டு போனுக்கும் ஒரே வாரத்தில் ஐசி வீக் ஆகுமா? அண்ணன் மகன் வாங்கிப் பார்த்தான். "சித்தப்பா, இதுல ஐபியை யாரோ ஃபிக்ஸ் பண்ணி வெச்சிருக்காங்க" என்றான். சிசிடிவி மாட்டியவர் வருஷங்களுக்கு முன் எங்கள் இரண்டு போனிலும் IP settings-ஐ Static ஆக்கி, அதாவது வீட்டு நெட்வொர்க்கில் போனின் முகவரி மாறாதபடி கையால் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அவள் போனுக்கு 192.168.1.51, ரவுட்டர் முகவரி 192.168.1.1. புது ரவுட்டரோ 192.168.0.1. பெயரும் பாஸ்வேர்டும் பழையதே என்பதால் போன் பழைய குறிப்பை வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்துவிடுகிறது. ஆனால் இல்லாத வாசலைத் தட்டிக்கொண்டு நிற்கிறது. டிவிக்கும் மாமனார் போனுக்கும் ரவுட்டரே முகவரி கொடுத்ததால் தொல்லை இல்லை.

அவன் அந்த ஒரு வைஃபையை மட்டும் அழுத்தி Forget கொடுத்தான். பாஸ்வேர்டை மறுபடி அடித்தான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மற்ற வைஃபை, ப்ளூடூத், காலிங் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன.

ஆக, ஒரே ஒரு வைஃபையில் மட்டும் தகராறு, வெளியே டேட்டா ஓடுகிறது என்றால் முதலில் Forget. எந்த வைஃபையிலும் சேரவில்லை, ப்ளூடூத்தும் சண்டித்தனம் பண்ணுகிறது என்றால் ரீசெட்டுக்குப் போகலாம், தப்பில்லை. வீட்டிலேயே நீங்களே செய்யலாம். அதற்கு முன் சேமித்த ஒவ்வொரு வைஃபையையும் திறந்து Share அழுத்தினால் க்யூஆர் கோடு வரும். பல போன்களில் அதன் கீழேயே பாஸ்வேர்டும் தெரியும். அதை ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள், ரீசெட்டில் படங்கள் போகாது. கடையில் கொடுப்பதானால், "என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்காமல் பின் நம்பரைச் சொல்லாதீர்கள்.

கடைக்கு மறுபடி போய்க் கேட்டேன். "போன் ஓடுதுல்ல சார்?" என்றார். ஓடுகிறதுதான், என்ன சொல்ல.

எக்ஸ்டெண்டர் பாஸ்வேர்ட் கடைசியில் மனைவி போனில்தான் கிடைத்தது. அவள் திரையில் வந்த க்யூஆரை என் போனில் பிடித்தோம். அன்றைக்கு அவள் ஊரில் இருந்திருந்தால் இரண்டு போனையும் சேர்த்தே குன்னூருக்குக் கொண்டுபோயிருப்பேன்.