இரண்டு வருடம் சோயா பால் குடித்த பிறகு: பயந்தது ஒன்று, நடந்தது வேறு

சோயா பால் பாக்கெட் விலை குறைந்திருக்கிறதாம், வாங்கிப் போடலாமா என்று தென்காசியில் இருக்கும் என் சித்தப்பா மகன் நேற்று போன் செய்தான். அவன் மனைவிக்குப் போன மாதம்தான் தைராய்டு மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். போனில் சொன்னால் பாதிதான் கேட்பான், அதனால் எழுதிவிடுகிறேன்.

பால் குடித்தால் எனக்கு வயிறு உப்பிக்கொள்ளும். அதனால் வந்த பழக்கம் இது. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் நானே அரைப்பேன். 100 கிராம் சோயா பயறை ராத்திரி ஊறப்போட்டு, காலையில் தோலைக் கசக்கி எடுத்துவிட்டு, கொதிக்கிற தண்ணீர் விட்டு மிக்ஸியில் அடிக்க வேண்டும். பச்சைத் தண்ணீரில் அரைத்தால் அந்தப் பயற்று வாடை போகவே போகாது. வடிகட்டி அடுப்பில் வைத்தால் சீக்கிரமே நுரைத்துப் பொங்கும், அதை நம்பி இறக்கிவிடக் கூடாது, நுரையை அடக்கிவிட்டு இன்னும் கால் மணி நேரமாவது கொதிக்கணும். வேகாத சோயா வயிற்றைப் படுத்தும். மிஞ்சுகிற சக்கையில் வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டு வடை தட்டினால், பால் கூட வேண்டாம், அந்த வடைக்காகவே இதைச் செய்யலாம்.

நான் குடிக்க ஆரம்பித்ததும் தெருவே என் ஆண்மையைப் பற்றிக் கவலைப்பட்டது. "ஏ மாப்ள, அது பொம்பள ஹார்மோன்லா? மாரு வந்துரும் பாத்துக்கோ" என்று டீக்கடை அண்ணாச்சி மாதம் ஒருமுறையாவது சொல்லுவார். அவர் சொல்வதில் ஒரு சொட்டு உண்மை இருக்கிறது. சோயாவில் ஐசோஃபிளேவோன் என்று ஒரு பொருள் உண்டு, அதன் உருவம் ஈஸ்ட்ரோஜன் மாதிரியே இருப்பதால் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் போய் உட்காருகிற இடத்தில் இதுவும் உட்காரும். ஆனால் உட்கார்ந்து செய்கிற வேலை ரொம்பக் குறைவு, உட்காருகிற இடமும் பெரும்பாலும் வேறு வகை. அமெரிக்காவில் 60 வயது ஆள் ஒருவருக்கு மார்பு வீங்கியது உண்மைதான், 2008-இல் மருத்துவ இதழிலேயே வந்தது. அவர் குடித்தது தினமும் மூன்று குவார்ட், அதாவது கிட்டத்தட்ட மூன்று லிட்டர். நிறுத்தியதும் சரியாகிவிட்டது. நான் குடிப்பது இரண்டு டம்ளர். ஆண்களிடம் நடந்த சோதனைகளையெல்லாம் 2021-இல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோதும் டெஸ்டோஸ்டிரோனிலோ ஈஸ்ட்ரோஜனிலோ மாற்றம் தெரியவில்லை.

இவ்வளவு தெரிந்தும் எனக்குள் ஒரு பயம் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஒரு நாள் ஆபீஸ் முடிந்து சாயங்காலம் நாலரை மணிக்கு லேபில் ரத்தம் கொடுத்தேன். டெஸ்டோஸ்டிரோன் 288 என்று வந்தது. அன்றைக்கு ராத்திரி தூக்கம் போச்சு. அப்புறம்தான் டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார், அது காலையில் ஏறி சாயங்காலம் இறங்குகிற ஹார்மோன், பத்து மணிக்கு முன்னால் கொடுத்தால்தான் கணக்கு. காலை எட்டு மணிக்குக் கொடுத்தேன், 460. சோயாவுக்கு முன்னால் எவ்வளவு இருந்தது என்று நான் பார்க்கவில்லை, அதனால் இதை வைத்து சோயாவுக்கு நற்சான்று கொடுக்க முடியாது. என் பயத்துக்கு மருந்தாக இருந்தது, அவ்வளவுதான்.

என் மாரையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வேறு ஒன்று நடந்துகொண்டிருந்தது. அதற்குக் காரணம் நான்தான்.

என் மனைவி ஆறு வருடமாகத் தைராய்டுக்குத் தைராக்சின் 75 மைக்ரோகிராம் மாத்திரை சாப்பிடுகிறாள். காலை ஐந்தரைக்கு வெறும் வயிற்றில் மாத்திரை, ஆறரைக்குக் காபி. ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். என்று ஒரு எண் வரும், தைராய்டு ஹார்மோன் குறைந்தால் அது ஏறும், கூடினால் இறங்கும். அவளுக்கு அது இரண்டரைக்குப் பக்கத்திலேயே நிற்கும். நான் சோயா ஆரம்பித்த உற்சாகத்தில், மாத்திரை போட்ட இருபதாவது நிமிடமே "சூடா இருக்கு, குடி" என்று ஒரு பெரிய டம்ளரை நீட்ட ஆரம்பித்தேன். ஐந்து மாதம் கழித்துப் பார்த்தால் டி.எஸ்.எச். 8.7. கால் வீக்கம், சோர்வு. டாக்டர் மாத்திரையை 100 ஆக்கினார். என்ன சாப்பிடுகிறாய், எப்போது சாப்பிடுகிறாய் என்று அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. 100-க்கு மாறியதும் எண் சரியானது. சரி, வயசாகுது, டோஸ் ஏறும் என்று விட்டுவிட்டோம்.

அதற்கப்புறம் மாமியாருக்கு முழங்கால் ஆபரேஷன். அவரைப் பார்த்துக்கொள்ள என் மனைவி அம்பாசமுத்திரத்தில் இரண்டு மாதம் போய் இருந்தாள். அங்கே சோயா கிடையாது, அந்த வீட்டுக் காபியே ஏழரைக்குத்தான் வரும். ஆறாவது வாரம் போனில், கை நடுங்குது, நெஞ்சு படபடன்னு அடிக்குது, ராத்திரி தூக்கமே இல்லை என்றாள். அம்மாவைப் பற்றிய கவலை என்று நான் பெரிய மனுஷன் மாதிரி ஆறுதல் சொன்னேன். ஊருக்கு வந்து பார்த்தால் டி.எஸ்.எச். 0.15. மாத்திரை அதிகமாகிவிட்டது. இங்கே சோயாவோடு போய் வீணான பங்கு அங்கே முழுசாக ரத்தத்தில் ஏறியிருக்கிறது.

இந்த மாத்திரை குடலில் உறிஞ்சப்படுவது வெறும் வயிற்றிலேயே நூற்றுக்கு அறுபதிலிருந்து எண்பதுதான். சோயாப் புரதம் கூடப் போனால் இன்னும் குறையும். சோயாப் பவுடர் பாலில் வளர்ந்த தைராய்டுக் குழந்தைகளுக்கு டோஸ் கூட்ட வேண்டிவந்ததிலிருந்தே டாக்டர்களுக்கு இது தெரியும். கடைப் பாக்கெட்டில் கால்சியம் வேறு சேர்த்திருப்பார்கள், அது தனியாகவே மாத்திரையைப் பிடித்துக்கொள்ளும். நியாயமாகச் சொன்னால் பழியை முழுக்கச் சோயா மேல் போட முடியாது. ஒரு மணி நேர இடைவெளியை இருபது நிமிடமாக்கியது என் அவசரம். அந்த அவசரத்தில் பசும்பாலைக் கொடுத்திருந்தாலும் கொஞ்சம் கெட்டிருக்கும்.

இப்போது மாத்திரை பழையபடி 75. அதே ஐந்தரை மணி, ஆறரைக்கு வெறும் டிகாஷன், சோயா பத்து மணிக்கு மேல்தான். நாலு மணி நேர இடைவெளி. மாற்றி எட்டு வாரம் கழித்துத்தான் ரத்தம் கொடுத்தோம், ஏனென்றால் இந்த மருந்து பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும், பத்து நாளில் பார்த்தால் பழைய கணக்கும் புதுக் கணக்கும் கலந்து வரும். 2.9 வந்தது. ராத்திரி சாப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடுகிற வழியும் உண்டு என்றார் டாக்டர், ஆனால் எங்கள் வீட்டில் ராத்திரி சாப்பாடே ஒன்பதரைக்கு.

அதனால் தம்பி, உன் மைனி சொல்லச் சொன்னாள்: சோயாவைக் கண்டு பயப்படாதே, ஆனால் இன்றைக்குக் குடித்து நாளைக்கு விட்டு என்று விளையாடாதே. தினமும் ஒரே மாதிரி குடித்தால் டாக்டர் அதற்குத் தக்கபடி டோஸைப் பிடித்துவிடுவார். ஆரம்பித்தாலும் சரி, நிறுத்தினாலும் சரி, அவரிடம் சொல்லிவிட்டு ஆறிலிருந்து எட்டு வாரத்தில் ரத்தம் கொடு. நீயாகவே மாத்திரையைக் கூட்டிக் குறைக்காதே.

என்னைக் கேட்டால், வயிறு உப்புவது நின்றது, வடை அருமை, ஹார்மோன் பயம் வீண். ஆனாலும் வாங்காதே. இன்றைக்குக் காலையிலும் டிகாஷனை ஊற்றியதும் பால் திரிந்து துணுக்குத் துணுக்காக மிதந்தது. சோயாவுக்கு டிகாஷனின் புளிப்பு ஆகாது, பாலை முதலில் சூடாக்கி அதில் டிகாஷனைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் திரியாது என்று தெரிந்தும், இரண்டு வருடமாக வாரத்துக்கு ஒரு நாள் எனக்கு இது நடக்கிறது. நல்ல காபிக்கு ஏங்கிப் போய் இருக்கிறேன். நாளைக்குக் கேட்டால் வேறு சொல்வேனோ என்னவோ.