நிலுவைக்கு நினைவூட்டல்: மெதுவான படியா, வேகமான படியா?

பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடியின் நிர்வாகக் குழுவில் நான் பொருளாளராக இருந்தபோது, பராமரிப்புக் கட்டணப் பாக்கியை இரண்டு விதமாக வசூலித்துப் பார்த்திருக்கிறோம். முதலில் மெதுவான வழி: முதல் மாதம் வாட்ஸ்அப், இரண்டாம் மாதம் ஒரு கடிதம், மூன்றாம் மாதம் சிவப்பு எழுத்தில் இன்னொரு கடிதம், நான்காம் மாதம் இறுதி நோட்டீஸ். பிறகு வேகமான வழி: 15-ஆம் நாள் ஒரு அழைப்பு, 30-ஆம் நாள் அக்சஸ் கார்டு நிறுத்தம், 45-ஆம் நாள் இறுதி நோட்டீஸ். எது நல்லது என்று அக்கம்பக்கத்துக் குழுக்கள் இன்றும் கேட்கிறார்கள். என் பதில் வேகமான வழிதான். அதற்கான காரணத்தை முதலில் வட்டிக் கணக்கில் காட்டுகிறேன்.

அடுக்குமாடி வீடுகளுக்கான மலேசியாவின் 2013-ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டப்படி, பில் கிடைத்த 14 நாளுக்குள் வீட்டுக்காரர் கட்டிவிட வேண்டும். தவறினால் வட்டி உண்டு. அது ஆண்டுக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது, தினக் கணக்கில் ஓட வேண்டும். எங்கள் வீடு ஒன்றுக்கு மாதக் கட்டணம் 150 ரிங்கிட், பெரிய பழுதுகளுக்குச் சேர்த்துவைக்கும் சிங்கிங் ஃபண்ட் அதில் பத்தில் ஒரு பங்கு, 15 ரிங்கிட். மொத்தம் 165. ஒரு மாதப் பில்லுக்கு ஒரு நாள் வட்டி நாலரை சென் மட்டுமே. ஒரு வருடம் முழுக்கக் கட்டாமல் இருந்தாலும் அந்தப் பில்லுக்கு 16 ரிங்கிட் 50 சென்தான் வரும். வட்டிக்குப் பயந்து யாரும் வங்கிக்கு ஓட மாட்டார்கள். மெதுவான வழியில் மூன்று மாதம் காத்திருப்பது, இந்த நாலரை சென் வேலை செய்யும் என்று நம்புவதற்குச் சமம்.

இந்த வட்டிக் கணக்கில்தான் பெரும்பாலான குழுக்கள் சறுக்குகின்றன. ஜனவரி முதல் ஏப்ரல் வரை நான்கு பில் கட்டாத ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பில் ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதி கையில் கிடைக்கிறது, 15-ஆம் தேதி வரை அவகாசம், 16-ஆம் தேதி வட்டி தொடங்குகிறது. ஏப்ரல் 30 அன்று ஜனவரிப் பில்லுக்கு 105 நாள், பிப்ரவரிக்கு 74, மார்ச்சுக்கு 46, ஏப்ரலுக்கு 15. ஆக 240 நாள். நாள் ஒன்றுக்கு 4.52 சென் என்று பெருக்கினால் வட்டி 10 ரிங்கிட் 85 சென். அசல் 660. மொத்தம் 670 ரிங்கிட் 85 சென்.

முன்பு எங்கள் அலுவலகம் போட்ட கணக்கு வேறு. பாக்கி 660, அதில் 10 விழுக்காடு 66, ஆக 726 என்று நோட்டீஸில் எழுதிவிட்டார்கள். பெரியவர் ஒருவர் அந்தக் காகிதத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு என் வீட்டு வாசலுக்கே வந்தார். "தம்பி, வருசத்துக்குப் பத்துன்னா நாலு மாசத்துக்கு எப்படி முழுசா பத்து வரும்?" என்று கேட்டார். அவர் சொன்னதுதான் சரி. தப்பான தொகையோடு போன நோட்டீஸை நாங்கள் திரும்ப வாங்கி, புதிதாக எழுதி, 14 நாளை மறுபடியும் முதலிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று. மாதத்துக்கு ஒன்றரை விழுக்காடு போடுவதும் இதே தவறுதான், வருடத்துக்கு 18 ஆகிவிடும். வட்டிக்கு மேல் வட்டி போடுவதையும் நான் விட்டுவிடச் சொல்வேன். ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு வரி, நாள் எண்ணிக்கையோடு தாளில் இருந்தால், வீட்டுக்காரரே சரிபார்த்துக்கொள்வார். சண்டை பாதியாகக் குறையும்.

சரி, வட்டி பயமுறுத்தாது என்றால் எது நகர்த்தும்? அக்சஸ் கார்டுதான். 14 நாள் முடிந்ததும், தனியாக முன்னறிவிப்பு தராமலே கார்டை நிறுத்த துணைச்சட்டம் இடம் தருகிறது. பாக்கி முழுவதும் கட்டிய பிறகு திரும்பத் திறக்க அதிகபட்சம் 50 ரிங்கிட் வாங்கலாம். வீட்டைப் பூட்ட முடியாது, ஆளைத் தடுக்கவும் முடியாது. உள்ளே வர உதவி கேட்டால் காவலாளி ஒரு பதிவேட்டில் கையெழுத்து வாங்கிவிட்டு விட வேண்டும். தண்ணீரை நிறுத்துவது துணைச்சட்டத்திலேயே இல்லை. யாராவது கூட்டத்தில் அதைச் சொன்னால் அங்கேயே தடுத்துவிடுங்கள்.

வாடகைக்கு விட்ட வீடுகளில் இதன் பலன் தெளிவாகத் தெரியும். உரிமையாளர் சிங்கப்பூரில் இருப்பார், நாம் வீட்டு வாசலில் செருகும் கடிதங்கள் குடித்தனக்காரரின் மேசை இழுப்பறையில் தூங்கும். மூன்று மாதக் கடிதத்துக்கு வராத பதில், கார்டு நின்ற அன்று இரவே ஒரு போன் அழைப்பில் வந்துவிடும். ஆனால் குடித்தனக்காரர் வாடகையை ஒழுங்காகக் கொடுத்தவராக இருக்கலாம், அவரைத் தண்டிப்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது. அதனால்தான் 15-ஆம் நாள் நேரடியாக உரிமையாளருக்கு ஒரு அழைப்பு என்ற படியை நான் விட்டுக்கொடுத்ததில்லை. சட்டம் கேட்காத படி, நாம் வைத்துக்கொண்டது.

மெதுவான வழிக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. வேலை போனவர், ஆஸ்பத்திரியில் படுத்தவர் என்று உண்மையான காரணம் உள்ளவர்களுக்கு மூன்று மாத அவகாசம் தேவைப்படலாம். ஆனால் அவகாசத்தை எல்லாருக்கும் பொதுவாக நீட்டினால், பணம் இருந்தும் கட்டாதவர்தான் அதைச் சாப்பிடுவார். உண்மையான கஷ்டத்துக்குத் துணைச்சட்டத்திலேயே தவணை ஏற்பாடு உண்டு. அதை எழுத்தில் போட வேண்டும்: எத்தனை மாதம், எந்தத் தேதி, எவ்வளவு. வாய்ப்பேச்சு வாக்குறுதி அடுத்த குழு வந்ததும் மறந்துபோகும்.

இறுதி நோட்டீஸில் இரண்டு வழிக்கும் வேறுபாடு கிடையாது. நிர்வாகக் கழகம் என்றால் போராங் 20 என்ற படிவம், அதற்கு முந்தைய கூட்டு நிர்வாக அமைப்பான ஜேஎம்பி கட்டத்தில் இருந்தால் போராங் 11. குறைந்தது 14 நாள் அவகாசம் கொடுக்க வேண்டும். உரிமையாளர் பதிவேட்டில் உள்ள முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், வீட்டு வாசலில் ஒரு பிரதி கூடுதலாக இருக்கட்டும். கணவன், மனைவி இருவர் பெயரிலும் வீடு இருந்தால் இரண்டு பெயரும் அதில் இருக்கட்டும். காரணமில்லாமல் அந்த நோட்டீஸைப் புறக்கணிப்பது குற்றம். 5,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

அப்புறமும் கட்டவில்லையென்றால், இரண்டு கதவு. ஒன்று ஸ்ட்ராத்தா நிர்வாகத் தீர்ப்பாயம். 2,50,000 ரிங்கிட் வரை கோரலாம், பொதுவாக வழக்கறிஞர் தேவையில்லை. மற்றது, மாநகராட்சியில் உள்ள கட்டட ஆணையரிடம் ஜப்தி வாரன்ட் கேட்பது. வாரன்ட் கேட்கும்போது கெத்தாக இருக்கும். ஆனால் ஜப்தி செய்யக்கூடியது பாக்கிக்காரரின் அசையும் பொருளை மட்டுமே. குடித்தனக்காரர் இருக்கும் வீட்டில் சோபாவும் டிவியும் அவருடையவை, பூட்டிக் கிடக்கும் வீட்டில் எடுக்க ஒன்றுமே இருக்காது. உரிமையாளரே குடியிருக்கும் வீட்டுக்கு மட்டும் நான் வாரன்ட் பக்கம் போவேன். மற்றவற்றுக்குத் தீர்ப்பாயம்தான். அங்கே முதலில் கேட்பது அந்த 240 நாள் கணக்குத் தாளையும் பதிவுத் தபால் ரசீதையும்தான்.